இடைவெளியை அளந்த பின் வெட்டுக: மாதிரி வீடு கட்டும் மாணவர்களுக்கு ஒரு திறந்த மடல்

கட்டடக்கலைக் கல்லூரிகளிலும் பல்தொழில்நுட்பக் கல்லூரிகளின் கட்டடப் பொறியியல் பிரிவுகளிலும் முதலாண்டு பயிலும் மாணவர்களுக்கு,



ஒரு வீட்டின் தரைப்படத்தைப் பெற்று, அதன் நீளங்களை எல்லாம் குறிப்பிட்ட ஒரு பின்னத்திற்குச் சுருக்கி, அட்டையில் மாதிரியாக எழுப்பிக் காட்டுவது முதலாண்டுப் பயிற்சிகளுள் ஒன்று. அவ்வாறு எழுப்பும்போது சுவர்கள் கூடும் மூலையில் இடைவெளி விழுவதும், தரைப்படத்தின் கோட்டுக்கு வெளியே சுவர் நீட்டி நிற்பதும், கூரையின் இரு சரிவுகளும் சுவரை மூடாமல் குறைவதும் உண்டு. இவை நேரும்போது கத்தி மழுங்கியது என்றும் பசை இளகியது என்றும் காரணம் கூறி, மிஞ்சியதை வெட்டித் தள்ளிவிட்டோ குறைந்த இடத்தில் அட்டைத் துண்டைச் செருகிவிட்டோ மேலே செல்வது வழக்கமாக இருக்கிறது. வெட்டுவதற்கு முன் அந்த மிகையையோ குறையையோ மில்லிமீட்டரில் அளந்து எழுதிவைக்க வேண்டும் என்பதே இம்மடலின் வேண்டுகோள்; ஏனெனில் எஃகு அடிக்கோலை வைத்துக் கூரிய கத்தியால் வெட்டும் கை அரை மில்லிமீட்டர் பிழை செய்யுமே தவிரப் பத்து மில்லிமீட்டர் பிழை செய்யாது, அவ்வளவு பெரிய பிழை தாளில் போட்ட கணக்கில்தான் பிறந்திருக்கும், எந்தக் கணக்கில் பிறந்தது என்பதை அந்த எண்ணே காட்டிக்கொடுக்கும்.

இதை விளக்க ஓர் எடுத்துக்காட்டு வீடு போதும். வெளிப்புறமாக அளந்தால் 40 அடி நீளமும் 30 அடி அகலமும் கொண்டு, பூச்சு நீங்கலாக ஒன்பது அங்குலச் செங்கற்சுவர்களால் கட்டப்பட்டு, தரையிலிருந்து 2 அடி உயரமான பேஸ்மட்டத்தின் மேல் 10 அடிச் சுவரும், அதன் மேல் இருபுறமும் சரியும் ஓட்டுக்கூரையும் உடைய வீடு அது. நீளவாக்கில் அதனுள் மூன்று அறைகள் வரிசையாக அமைகின்றன. அவற்றின் உள்ளளவு முறையே 12 அடி 6 அங்குலம், 13 அடி 6 அங்குலம், 11 அடி. இந்த மூன்றையும் நான்கு குறுக்குச் சுவர்களின் தடிமனையும் கூட்டினால் சரியாக 40 அடி வருகிறது. மாதிரி செய்யத் தொடங்கும் முன் தரைப்படத்தின் அளவுகளை இவ்வாறு ஒருமுறை கூட்டிப் பார்ப்பது நல்லது. மூலப்படத்திலேயே கூட்டல் பிசகியிருந்தால் அந்தப் பிசகும் ஒழுங்காகச் சுருங்கி மாதிரிக்குள் வந்து சேரும்.

மாதிரியில் உள்ள ஒரு நீளத்திற்கும் உண்மை வீட்டில் அதற்கு நேரான நீளத்திற்கும் இடையே உள்ள மாறாத விகிதமே அளவுத்திட்டம் எனப்படுகிறது. ‘ஒன்றுக்கு ஐம்பது’ என்று படிக்கப்படும் 1:50 என்பது, வீட்டின் ஒவ்வொரு நீளமும் மாதிரியில் ஐம்பதில் ஒரு பங்காக இருக்கும் என்று பொருள்படும். எந்தப் பின்னத்தைத் தேர்வது என்பதை இரண்டு எல்லைகள் தீர்மானிக்கின்றன: முழு மாதிரியும் மேசையில் அடங்க வேண்டும் என்பது மேல் எல்லை, சுவரின் தடிமனைக் கையில் கிடைக்கும் அட்டையால் காட்ட இயல வேண்டும் என்பது கீழ் எல்லை. 1924இல் முடிக்கப்பட்டு இன்று இங்கிலாந்தின் வின்ட்சர் கோட்டையில் இருக்கும் மேரி அரசியின் பொம்மை வீட்டை எட்வின் லட்யன்ஸ் 1:12 என்ற அளவில் வடிவமைத்தார். ஓர் அடிக்குப் பன்னிரண்டு அங்குலம் ஆதலால் அந்தத் திட்டத்தில் அடியை அங்குலமாகப் படித்தாலே மாற்றம் முடிந்துவிடும். ஆனால் நமது எடுத்துக்காட்டு வீட்டை அவ்வாறு செய்தால் அது 40 அங்குல நீளத்தில், வகுப்பறை மேசையையே அடைத்துக்கொள்ளும். மறுபுறம் 1:100 என்று வைத்தால் ஒன்பது அங்குலச் சுவர் இரண்டேகால் மில்லிமீட்டருக்குச் சற்று மேலே நிற்க, சன்னல்களை வெட்டுவதே பெரும்பாடாகும். இவற்றுக்கு இடைப்பட்ட 1:50இல் வீடு ஏறத்தாழ 244 மில்லிமீட்டர் நீளமும் 183 மில்லிமீட்டர் அகலமும் பெற்று, ஏ3 தாளில் சுற்றிலும் முற்றத்திற்கு இடம் விட்டு அமைகிறது.

தமிழ்நாட்டில் வீட்டின் அளவுகள் இன்றும் அடியிலும் அங்குலத்திலும் பேசப்பட, அட்டையின் தடிமனும் அடிக்கோலின் கோடுகளும் மில்லிமீட்டரில் இருப்பதால், சுருக்கும் பின்னத்தோடு அலகு மாற்றமும் சேர்ந்துகொள்கிறது. இரண்டையும் ஒவ்வோர் அளவுக்கும் தனித்தனியாகச் செய்வதைவிட ஒரே பெருக்கெண்ணாக மாற்றிக்கொள்வது பாதுகாப்பானது. ஓர் அடி 304.8 மில்லிமீட்டர், அதை ஐம்பதால் வகுத்தால் 6.096. ஓர் அங்குலம் 25.4 மில்லிமீட்டர், அதை ஐம்பதால் வகுத்தால் 0.508. எனவே வீட்டின் எந்த நீளத்தையும் முழுவதும் அங்குலமாக்கி 0.508ஆல் பெருக்கினால் மாதிரியின் நீளம் மில்லிமீட்டரில் கிடைக்கும். நாற்பது அடி என்பது 480 அங்குலம், அதாவது 243.84 மில்லிமீட்டர், முப்பது அடி 182.88, ஒன்பது அங்குலச் சுவர் 4.572, ஏழடிக் கதவு 42.67.

இங்கேதான் முதல் வகைப் பிழை நுழைகிறது. 6.096 என்ற எண் நினைவில் நிற்காததால், ஓர் அடிக்கு ஆறு மில்லிமீட்டர் என்று மனக்கணக்காகக் கொள்வது எளிதாகத் தோன்றும். அவ்வாறு செய்தால் நாற்பது அடிக்கு 240 மில்லிமீட்டர் வந்து, இருக்க வேண்டியதைவிட 3.84 மில்லிமீட்டர் குறையும். உண்மை வீட்டில் அது 192 மில்லிமீட்டர், ஏறத்தாழ ஏழரை அங்குலம். ஆனாலும் முழு மாதிரியையும், கதவு முதல் முகடு வரை, ஓர் அடிக்கு ஆறு மில்லிமீட்டர் என்ற கணக்கிலேயே செய்துமுடித்தால் எதுவும் பொருந்தாமல் போகாது. அந்த மாதிரி 1:50க்குப் பதிலாக 1:50.8 என்ற அளவுத்திட்டத்தில் அமைந்த பிழையற்ற மாதிரியாகவே இருக்கும், அதன் பெயர்ப்பலகையில் எழுதப்பட்ட விகிதம் மட்டுமே தவறாகும். சுவர்களை ஆறால் பெருக்கிவிட்டு, கூரையைக் கணிப்பானில் 6.096ஆல் பெருக்கும்போதுதான் ஒன்றோடொன்று ஒவ்வாத இரண்டு வீடுகள் ஒரே அடிப்பலகையில் வந்து சேர்கின்றன. பின்னம் எதுவாக இருந்தாலும் அது மாதிரி முழுவதும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதே ‘மாறாத விகிதம்’ என்ற சொற்களின் முழுப் பொருள்.

இதே கலப்பு வேறொரு வடிவிலும் வருகிறது. அடி அளவுகளில் வரையும் பழைய முறையில் கால் அங்குலத்துக்கு ஓர் அடி என்ற திட்டம் பரவலாக வழங்கியது. ஓர் அடியில் கால் அங்குலங்கள் நாற்பத்தெட்டு இருப்பதால் அது 1:48 ஆகும். 1:48க்கும் 1:50க்கும் உள்ள வேறுபாடு நூற்றுக்கு நான்கு என்பதால் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். ஆயினும் நாற்பது அடிச் சுவர் 1:48இல் பத்து அங்குலம், அதாவது 254 மில்லிமீட்டர் ஆகி, 1:50க்குரிய நீளத்தைவிட 10.16 மில்லிமீட்டர் கூடிவிடும். கடையில் வாங்கி மாதிரியின் முற்றத்தில் நிறுத்தும் பொம்மைக் கார்களும் இத்தகைய கலப்பைக் கொண்டுவருகின்றன. அவற்றுள் பல 1:64 என்ற அளவில் செய்யப்படுபவை. நான்கு மீட்டர் நீளக் கார் 1:50இல் 80 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். 1:64இல் அது 62.5 மில்லிமீட்டராகவே இருந்து, பக்கத்தில் உள்ள வீட்டை உண்மையைவிடப் பெரியதாகக் காட்டும். ஐந்தரை அடி உயர மனிதர் 1:50இல் முப்பத்து மூன்றரை மில்லிமீட்டர் என்பதால், அந்த உயரத்தில் ஓர் அட்டை உருவத்தை வெட்டிவைத்துக்கொண்டு ஒவ்வொரு கதவின் அருகிலும் ஒவ்வொரு படியின் அருகிலும் நிறுத்திப் பார்த்தால் வேறு பின்னத்தில் வந்த உறுப்பு எது என்பது உடனே புலப்படும்.

பின்னம் மாறுவதற்கு மூன்றாவது வழி அச்சுப்பொறி. கணினியில் 1:50இல் சரியாக வரைந்த தரைப்படத்தை அச்சிடும்போது `Fit` என்ற தெரிவு இருந்தால், தாளின் ஓரங்களுக்குள் அடங்குமாறு படம் தானாகச் சுருக்கப்படும். `Actual size` என்ற தெரிவிலேயே அது வரைந்த அளவில் வரும். படத்தின் மூலையில் அச்சிட்டிருக்கும் ‘1:50’ என்ற எழுத்து, படம் சுருங்கிய பிறகும் 1:50 என்றே நிற்பதால் அதை நம்புவதற்கில்லை. அதற்கு மாற்றாக வரைபடத்தின் அடியில் சரியாக 100 மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரு கோட்டை வரைந்து, அது வீட்டில் 5 மீட்டரைக் குறிக்கும் என்று எழுதிவைக்க வேண்டும். இதற்கு அளவுக்கோடு என்று பெயர். அச்சிட்ட தாளில் அக்கோடு 96 மில்லிமீட்டர் என்று அளந்தால், தாளில் உள்ள படம் ஏறத்தாழ 1:52 ஆகிவிட்டது என்று தெரியும். படம் எவ்வளவு சுருங்கினாலும் அளவுக்கோடும் அதே விகிதத்தில் சுருங்குவதால், நகலெடுத்த தாளிலும் அது உண்மையையே சொல்லும்.

பின்னத்தை ஒன்றாக வைத்த பிறகும் முழுமையாக்கலால் பிழை வரும். முழுமையாக்கல் என்பது 4.572 போன்ற எண்ணை அடிக்கோலில் குறிக்கக்கூடிய அருகிலுள்ள எண்ணாக மாற்றுதல். எடுத்துக்காட்டு வீட்டின் நீளவாக்கு அளவுகளை ஒவ்வொன்றாக முழு மில்லிமீட்டருக்கு மாற்றினால், சுவர் ஒவ்வொன்றும் 5 ஆகவும், அறைகள் 76, 82, 67 ஆகவும் ஆகும். இவற்றை அடுத்தடுத்து வைத்துக் கூட்டினால் 245 வருகிறது. இருக்க வேண்டியதோ 243.84. சுவர் ஒவ்வொன்றும் தன் பங்காக 0.43 மில்லிமீட்டரைக் கூட்டி, நான்கு சுவரும் சேர்ந்து ஏறத்தாழ 1.7 மில்லிமீட்டரை ஏற்றிவிட, அறைகளில் குறைந்தது அதில் ஒரு பகுதியை மட்டுமே ஈடுசெய்திருக்கிறது. துண்டுகளின் எண்ணிக்கை கூடக் கூட இப்பிழையும் பெருகக்கூடும்.

இதைத் தவிர்க்கத் தொடரளவு முறை உதவுகிறது. ஒரே மூலையைச் சுழியாகக் கொண்டு, ஒவ்வொரு சுவரின் விளிம்பும் அந்த மூலையிலிருந்து எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பதை உண்மை அளவிலேயே கூட்டிக்கொண்டு சென்று, கூட்டிய பிறகே சுருக்கி, சுருக்கிய பிறகே முழுமையாக்குவது அம்முறை. மேற்கூறிய வீட்டில் அந்த விளிம்புகள் 4.572, 80.772, 85.344, 167.64, 172.212, 239.268, 243.84 என்ற தொலைவுகளில் விழும். அரை மில்லிமீட்டருக்கு முழுமையாக்கினால் 4.5, 81, 85.5, 167.5, 172, 239.5, 244 என்று ஆகும். இவற்றுள் எந்தக் குறியும் தன் உண்மையான இடத்திலிருந்து கால் மில்லிமீட்டருக்கு மேல் விலகவில்லை. முந்தைய குறியின் பிழை அடுத்ததற்குக் கடத்தப்படவும் இல்லை. அடிக்கோலை எடுத்து எடுத்து வைக்காமல் ஒரே இடத்தில் பிடித்துக்கொண்டு எல்லாக் குறிகளையும் இடுவதே இம்முறையின் செயல்வடிவம்.

இனி இரண்டாவது பெரிய வகைக்கு வரலாம். வீட்டின் நீளங்கள் யாவும் ஐம்பதில் ஒரு பங்காகச் சுருங்கும்போது, கடையில் வாங்கிய அட்டை தன் தடிமனிலேயே நிற்கிறது. மாணவர் பெரிதும் வாங்கும் ஃபோம் போர்டு, இரண்டு தாள்களுக்கு இடையே நுரைப்பொருள் நிரப்பிய பலகை. அது 3 மில்லிமீட்டர், 5 மில்லிமீட்டர் என்ற தடிமன்களில் கிடைக்கிறது. 5 மில்லிமீட்டர்ப் பலகையைச் சுவராக நிறுத்தினால், நான்கு சுவர்களை ஒரு பெட்டியாகச் சேர்க்கும்போது ஒரு சோடிச் சுவர்கள் மற்றச் சோடியின் முனைகளுக்கு இடையே புகுந்து நிற்க வேண்டும். நீளச் சுவர்கள் இரண்டும் முழுமையாக 243.84 மில்லிமீட்டர் இருந்தால், அகலச் சுவர்கள் அவற்றின் இரு தடிமன்களையும் கழித்து 172.88 மில்லிமீட்டராகவே வெட்டப்பட வேண்டும். கழிக்க மறந்து 182.88 என்றே வெட்டினால் பெட்டியின் அகலம் 192.88 ஆகிவிடும்; உண்மை வீட்டில் இந்த மிகை சரியாக அரை மீட்டர், ஏறத்தாழ இருபது அங்குலம். அகலம் மட்டும் பத்து மில்லிமீட்டர் கூடி, நீளம் சரியாக இருந்தால் காரணம் இதுவே என்று உறுதியாகக் கொள்ளலாம்.

பசை காயும் முன் மூலைகள் செங்கோணமாக இருக்கின்றனவா என்று பார்க்க, கட்டட இடத்தில் கொத்தனார்கள் கையாளும் மூன்று, நான்கு, ஐந்து என்ற முறையே இங்கும் பயன்படுகிறது. முப்பது அடிக்கும் நாற்பது அடிக்கும் மூலைவிட்டம், அதாவது எதிரெதிர் மூலைகளை இணைக்கும் கோடு, ஐம்பது அடி. அதை ஐம்பதால் வகுத்தால் ஓர் அடி. எனவே இந்த வீட்டின் மாதிரியில் மூலைவிட்டம் இரண்டும் வெளிப்புறமாக அளக்கும்போது சரியாக ஓர் அடி, 304.8 மில்லிமீட்டர், இருக்க வேண்டும். இரண்டும் சமமாக இருந்து ஓர் அடியாக இல்லையெனில் பக்க அளவுகளில் பிழை உண்டு. ஒன்று கூடி மற்றொன்று குறைந்தால் பக்கங்கள் சரியாக இருந்தும் பெட்டி சாய்ந்துவிட்டது என்று அறியலாம்.

தடிமனில் இன்னொரு நுட்பமும் இருக்கிறது. 5 மில்லிமீட்டர்ப் பலகை 1:50இல் 250 மில்லிமீட்டர்ச் சுவரைக் குறிக்கிறது; வீட்டின் சுவரோ 228.6. சுவருக்கு 0.43 மில்லிமீட்டர் மிகை. இந்த மிகையை எங்கே விடுவது என்பதை மாணவர் தாமே முடிவுசெய்ய வேண்டும், முடிவுசெய்யாவிட்டால் அது தானாக ஏதோ ஓர் அறையில் போய் விழும். வெளிச்சுவர்களில் வெளி விளிம்பையும், உட்சுவர்களில் நடுக்கோட்டையும் மாற்றாமல் வைத்துக்கொள்வது ஏற்ற ஒழுங்கு. அவ்வாறு செய்தால் வீட்டின் வெளியளவு மாறாது. நடு அறை 0.43 மில்லிமீட்டரும், ஓர அறைகள் ஒவ்வொன்றும் 0.64 மில்லிமீட்டரும் குறையும். உண்மை வீட்டில் இது நீளவாக்கில் எந்த அறையிலும் ஏறத்தாழ 32 மில்லிமீட்டருக்கு மேல் போகாது என்பதால், பார்வைக்கு வைக்கும் மாதிரிக்கு இது ஏற்கத்தக்கது. இந்த இழப்பும் வேண்டாம் என்றால் 1.5 மில்லிமீட்டர் அட்டை மூன்றை ஒட்டிச் சுவராக்கலாம், 4.5 மில்லிமீட்டர் வருவதால் மிகை அநேகமாக மறைந்துவிடும், வெட்டும் வேலை மும்மடங்காகும்.

சுருங்காத தடிமனைப் பகையாக அன்றித் துணையாகக் கொள்ளும் இடமும் உண்டு. எடுத்துக்காட்டு வீட்டின் பேஸ்மட்டம் 2 அடி. அதற்கு ஏறும் படிகள் ஒவ்வொன்றும் 6 அங்குல உயரம். ஆறு அங்குலம் 1:50இல் 3.05 மில்லிமீட்டர் ஆவதால், 3 மில்லிமீட்டர்ப் பலகை ஒரு படியின் உயரத்திற்கு ஒப்பாகிறது. நான்கு பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டினால் பேஸ்மட்டம் 12 மில்லிமீட்டர் உயர்ந்து, தேவையான 12.19ஐ நெருங்கும், அவற்றுள் கீழ் மூன்று பலகைகளையும் வாசல் பக்கத்தில் படியின் அகலமான 10 அங்குலத்திற்குரிய 5 மில்லிமீட்டர் வீதம் ஒன்றைவிட ஒன்று நீட்டி வெட்டினால், தனியாக ஒட்ட வேண்டிய தேவையின்றிப் படிகள் அமைந்துவிடும். சுவரின் உயரத்தை முகப்புப் படத்திலிருந்து எடுப்பவர், அப்படத்தில் உயரங்கள் தரைமட்டத்திலிருந்தா பேஸ்மட்டத்தின் மேலிருந்தா குறிக்கப்பட்டிருக்கின்றன என்பதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்; பாராமல் விட்டால் சன்னல்கள் அனைத்தும் ஒரே அளவாக 12 மில்லிமீட்டர் மேலேறி நிற்கும்.

கூரையில் வரும் பிழை வேறு இயல்புடையது. அங்கே பின்னமும் சரியாக இருக்கும், தடிமனும் கணக்கில் வந்திருக்கும், ஆனால் சுருக்க எடுத்துக்கொண்ட நீளமே தவறானதாக இருக்கும். தரைப்படம் என்பது வீட்டை நேர்மேலிருந்து பார்க்கும் படம். சரிந்த பரப்பு அதில் தன் முழு நீளத்தைக் காட்டாமல் கிடைநீளத்தை மட்டுமே காட்டுகிறது. எடுத்துக்காட்டு வீட்டில் முகடு அகலத்தின் நடுவே, சுவரின் வெளி விளிம்பிலிருந்து 15 அடி உள்ளே, சுவரின் மேல்மட்டத்திலிருந்து 8 அடி உயரத்தில் இருக்கிறது. செங்கோண முக்கோணத்தில் இவ்விரண்டின் வர்க்கங்களைக் கூட்டினால் 225உம் 64உம் சேர்ந்து 289. அதன் வர்க்கமூலம் 17. ஆகவே முகட்டிலிருந்து சுவர் விளிம்பு வரை சரிவின் நீளம் 17 அடி. சுவருக்கு வெளியே நீட்டி மழைநீரைத் தள்ளி விழச்செய்யும் பகுதியான இறவாணம் கிடையாக 2 அடி நீள்கிறது என்றால், அதே சரிவில் அதன் நீளம் 2.267 அடி ஆகும். இரண்டும் சேர்ந்த 19.267 அடி, 6.096ஆல் பெருக்கும்போது 117.45 மில்லிமீட்டர் வருகிறது.

தரைப்படத்தை அப்படியே பார்த்து வெட்டுபவருக்குக் கிடைப்பது 15உம் 2உம் சேர்ந்த 17 அடி, அதாவது 103.63 மில்லிமீட்டர். சரிவில் சுவர் வரை மட்டுமே உள்ள நீளமும் இவ்வீட்டில் 17 அடியாக இருப்பதால், அந்தக் கூரை முகட்டில் சரியாகக் கூடி, சுவரின் வெளி விளிம்போடு நின்றுவிடும்; இறவாணம் முழுவதும் காணாமல் போகும். ஒவ்வொரு சரிவிலும் குறையும் 13.82 மில்லிமீட்டரே அதன் அடையாளம். சரிவின் கோணத்தைப் பொறுத்தவரை மாணவர் எதையும் சுருக்க வேண்டியதில்லை: உயரமும் கிடைநீளமும் ஒரே எண்ணால் வகுபடும்போது அவற்றின் விகிதம் மாறாது, எனவே 28 பாகையில் சரியும் கூரை மாதிரியிலும் 28 பாகையிலேயே சரியும். முகப்புப் படத்தில் கோணமானியை வைத்து எடுத்த கோணத்தை அட்டையில் அப்படியே குறிக்கலாம்.

எதை வெட்டுவது, எதை வரைவது, எதை விட்டுவிடுவது என்ற கேள்விக்கும் பின்னமே விடை தருகிறது. 1:50இல் ஓர் அங்குலம் அரை மில்லிமீட்டராகிறது. மாணவர் கையாளும் பென்சில் முனையின் தடிமனும் அநேகமாக அதுவே. ஆகவே வீட்டில் ஓர் அங்குலத்திற்கு மேற்பட்ட உறுப்புகளைத் தனித் துண்டாக வெட்ட முயலலாம்: மூன்று அங்குலச் சன்னல் சட்டம் ஒன்றரை மில்லிமீட்டர் ஆவதால் அட்டைக் கீற்றாக அமையும். ஓர் அங்குலத்திற்குக் குறைந்தவற்றைக் கோடாக வரைவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்: 12 மில்லிமீட்டர் சன்னல் கம்பி 0.24 மில்லிமீட்டராகிவிடுவதால், அதற்கு ஈர்க்குச்சியை ஒட்டுபவர் வீட்டில் பல அங்குலத் தடிமனுள்ள உருளையை நட்டவராவார். ஓடுகளை ஒவ்வொன்றாக ஒட்ட முனையாமல் வரிசைகளை மட்டும் கீறிக் காட்டுவதும் இதே காரணத்தால் பொருந்தும்.

இதுவரை கூறியவை நீளங்களுக்கு மட்டும் உரியவை. நீளம் ஐம்பதில் ஒன்றானால் பரப்பு ஐம்பதின் வர்க்கமான 2500இல் ஒன்றும், கன அளவு ஐம்பதின் கனமான 1,25,000இல் ஒன்றும் ஆகும். 1200 சதுர அடி வீட்டின் தரை மாதிரியில் அரைச் சதுர அடிக்கும் சற்றுக் குறைவாக, 0.48 சதுர அடியே வருகிறது. வாங்க வேண்டிய அட்டையை 1200ஐ ஐம்பதால் வகுத்துக் கணக்கிடுபவர் 24 சதுர அடி என்று ஐம்பது மடங்கு மிகையாக மதிப்பிடுவார். இந்த வேறுபாட்டுக்கு இதைவிடப் பெரிய விளைவும் உண்டு. சுவர் தாங்க வேண்டிய எடை கன அளவோடு கூட, தாங்கும் வலிமை குறுக்குப் பரப்போடு மட்டுமே கூடுவதால், ஒரே பொருளால் ஒரே வடிவில் செய்த பெரிய அமைப்பு சிறியதைவிட வலுக்குன்றியது என்பதைக் கலிலியோ 1638இல் வெளியான தம் இறுதி நூலில் விளக்கினார். முப்பது அடி அகலத்தை நடுத்தாங்கல் இன்றிக் கடக்கும் கூரை அட்டையில் அசையாமல் நிற்பது, அந்தக் கூரை மரத்திலும் ஓட்டிலும் நிற்கும் என்பதற்குச் சான்றாகாது. அறைகளின் ஒப்பளவு, கூரையின் சரிவு, எந்நேரத்தில் எந்தச் சுவரில் நிழல் விழும் என்பவற்றை மாதிரியிடம் கேட்கலாம். வீடு நிற்குமா என்று கேட்கக் கூடாது.

இனி மடலின் தொடக்கத்தில் வைத்த வேண்டுகோளைச் செயல்படுத்தும் வழியைச் சொல்லி முடிக்கலாம். ஒட்டுவதற்கு முன் துண்டுகளைத் தரைப்படத்தின் மேல் வைத்துப் பார்த்து, பொருந்தாத இடத்தில் உள்ள வேறுபாட்டை நீளத் திசையிலும் அகலத் திசையிலும் தனித்தனியே அளக்க வேண்டும். நீளத்தில் 10.2, அகலத்தில் 7.6 என்பதுபோல், பக்கம் பெரிதாக இருக்கும் அளவுக்கு வேறுபாடும் பெரிதாக இருந்தால் இரண்டு பின்னங்கள் கலந்துவிட்டன என்று பொருள். வேறுபாட்டைப் பக்கத்தின் நீளத்தால் வகுத்தால் நூற்றுக்கு எத்தனை என்று தெரியும், நூற்றுக்கு நான்கு கூடியிருந்தால் 1:48ஐயும் நூற்றுக்கு ஒன்றரை குறைந்திருந்தால் ஆறு மில்லிமீட்டர் மனக்கணக்கையும் தேடலாம். பக்கம் எவ்வளவாயினும் வேறுபாடு மாறாமல் 5 அல்லது 10 என்று நின்றால் அட்டையின் தடிமன் கழிக்கப்படவில்லை. ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டர் என்று சிறிதாக இருந்து, துண்டுகள் மிகுந்த திசையில் மட்டும் தோன்றினால் அது முழுமையாக்கலின் கூட்டுத்தொகை. சரிந்த பரப்பில் மட்டும் குறை தோன்றினால் தரைப்படத்திலிருந்து நீளம் எடுக்கப்பட்டிருக்கிறது. இவை எவற்றிலும் சேராத அரை மில்லிமீட்டரை மட்டுமே கத்தியின் கணக்கில் எழுதலாம்.

மாதிரியை மதிப்பீட்டுக்கு வைக்கும்போது அடிப்பலகையின் ஓரத்தில் அளவுத்திட்டத்தை எழுதி, அதன்கீழ் அளவுக்கோட்டையும் வரைந்து, சுவரின் மிகை எந்த விளிம்பில் விடப்பட்டது என்பதை ஒரு வரியில் குறிப்பிட வேண்டும் என்பதும் மாணவர்களிடம் வைக்கப்படும் வேண்டுகோள். அந்த மூன்றும் இருந்தால், மாதிரியைப் பார்க்கும் எவரும் ஓர் அடிக்கோலைக் கொண்டு அதன் எந்த அறையையும் அளந்து, உண்மை வீட்டின் அளவை அங்குலக் கணக்கில் திரும்பப் பெற இயலும். அவ்வாறு பெற்ற அளவு மூலப்படத்தோடு ஒத்திருக்கிறதா என்பதைக் கொண்டே மாதிரியின் தரத்தை மதிப்பிட வேண்டும்.